வைத்திருக்கும் பங்குக்கு ஒரு புட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையில் பங்கு இருக்கிறது, விற்க மனமில்லை, ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை என்பவர்கள் என்னிடம் கேட்டவை இவை. எல்லாமே என்.எஸ்.இ.யில் நடக்கும் தனிப்பங்கு ஆப்ஷன்களைப் பற்றியது. வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் எக்ஸ்பயரி பற்றிய கேள்வியை மட்டுமாவது படித்துவிடுங்கள். அங்குள்ள வழக்கமும் இங்குள்ள வழக்கமும் வேறு.

"500 பேங்க் பங்கு வெச்சிருக்கேன். திடீர்னு சரிஞ்சா என்ன பண்றதுன்னு பயமா இருக்கு. புட் வாங்கினா இன்சூரன்ஸ்னு சொல்றாங்களே, அது எப்படி?"

புட் ஆப்ஷன் என்பது ஒரு பங்கைக் குறிப்பிட்ட விலையில், குறிப்பிட்ட தேதியில் விற்கும் உரிமை. அந்த விலைக்குப் பெயர் ஸ்ட்ரைக், அந்தத் தேதிக்குப் பெயர் எக்ஸ்பயரி. உரிமை உங்களுடையது, வாங்கிக்கொள்ள வேண்டிய கட்டாயம் புட்டை விற்றவருடையது. அதற்காக அவருக்கு நீங்கள் கொடுக்கும் தொகைதான் பிரீமியம். கொடுத்த பிரீமியம் திரும்பாது.

வண்டி இன்சூரன்ஸில் முதல் சில ஆயிரம் ரூபாய் சேதம் நம் தலையில், அதற்கு மேல் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று ஒரு ஏற்பாடு இருக்கும் இல்லையா? அதேதான். 900 ரூபாய்க்கு விற்கும் பங்குக்கு 860 ஸ்ட்ரைக் புட் வாங்கினால், 900-லிருந்து 860 வரையிலான 40 ரூபாய் சரிவு உங்கள் பாடு. 860-க்குக் கீழே எவ்வளவு போனாலும் புட் விற்றவர் பாடு. பங்கு ஏறினால் ஏற்றம் முழுவதும் உங்களுக்கு, பிரீமியம் மட்டும் போச்சு.

"சும்மா தத்துவமா சொல்லாம, ஒரு நிஜ சரிவை வெச்சு கணக்கு போட்டுக் காட்டுங்க."

2025 மார்ச் 10. இண்டஸ்இண்ட் வங்கிப் பங்கு சுமார் 900 ரூபாயில் முடிந்தது. சந்தை மூடிய பிறகு, தன் டெரிவேட்டிவ் கணக்குகளில் முரண்பாடு இருப்பதாகவும் நிகர மதிப்பில் சுமார் 2.35 சதவீதம் பாதிக்கப்படலாம் என்றும் வங்கி தெரிவித்தது. மறுநாள் பங்கு 27 சதவீதம் விழுந்து சுமார் 656-ல் முடிந்தது. ஒரே நாளில்.

இந்த இரண்டு விலைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு ஒப்பந்தத்தில் அடங்கும் பங்குகளின் எண்ணிக்கையான லாட் 500, எக்ஸ்பயரிக்கு ஒரு மாதம் இருக்கிறது, 860 புட்டின் பிரீமியம் 14 ரூபாய் என்பவை கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. அன்றைய நிஜ பிரீமியம் அல்ல, ஆனால் இப்படிப்பட்ட பங்குக்கு நடைமுறையில் வரக்கூடிய அளவுதான்.

500 பங்கின் மதிப்பு 4,50,000 ரூபாய். பிரீமியம் 14 × 500 = 7,000 ரூபாய். பங்கு 656-க்கு வந்ததும் பங்கில் நஷ்டம் 244 × 500 = 1,22,000. புட்டின் மதிப்பு சுமார் 860 − 656 = 204 ரூபாய், அதாவது 1,02,000. பிரீமியத்தைக் கழித்தால் புட்டில் கிடைத்தது 95,000. ஆக மொத்த நஷ்டம் 27,000 ரூபாய், அதாவது 4,50,000-ல் 6 சதவீதம். பங்கு 656-ல் நிற்காமல் 400-க்குப் போயிருந்தாலும் எக்ஸ்பயரியில் இதே 27,000 தான். உங்கள் பாடான 40 ரூபாய், பிரீமியம் 14 ரூபாய், இரண்டையும் கூட்டி 500-ஆல் பெருக்கினால் அந்தத் தொகை வந்துவிடும். வாங்கும் முன்பே இதைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

"அதுக்கு ஸ்டாப்லாஸ் போட்டா போதாதா? செலவே இல்லையே."

மேலே சொன்ன நாளையே பாருங்கள். செய்தி வந்தது சந்தை மூடிய பிறகு. 860-க்கு இறங்கினால் விற்றுவிடு என்று ஸ்டாப்லாஸ் வைத்திருந்தவருக்கு 860 என்ற விலையே மறுநாள் கிடைக்கவில்லை, ஏனென்றால் பங்கு திறந்ததே அதற்கு வெகு கீழே. மார்க்கெட் ஆர்டராக வைத்திருந்தால் கிடைத்த விலைக்குப் போயிருக்கும். லிமிட் ஆர்டராக வைத்திருந்தால் விற்காமலே தொங்கிக்கொண்டிருந்திருக்கும். ஆப்ஷன் வர்த்தகம் உள்ள பங்குகளுக்கு மற்ற பங்குகளைப் போல ஒரு நாளில் இவ்வளவுதான் நகரலாம் என்ற நிலையான சர்க்யூட் எல்லை கிடையாது, எல்லை தளர்ந்து தளர்ந்து கீழே போகும்.

இன்னொரு வித்தியாசம் உண்டு. பங்கு ஒருநாள் 850-ஐத் தொட்டுவிட்டு 930-க்கு ஏறினால், ஸ்டாப்லாஸ்காரர் 860 அருகே விற்றுவிட்டு வெளியே நிற்பார். புட்காரரிடம் பங்கு அப்படியே இருக்கும். ஸ்டாப்லாஸுக்குச் செலவில்லை என்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அதன் செலவு இப்படி வேறு வடிவத்தில் வருகிறது.

"எந்த ஸ்ட்ரைக் எடுக்கணும்? ஆப்ஷன் செயின் திறந்தா ஒரே நம்பரா இருக்கு."

திரையில் `PE` என்று இருக்கும் பக்கம்தான் புட். நடுவில் ஸ்ட்ரைக் வரிசை. ஸ்ட்ரைக் விலை குறையக் குறையப் பிரீமியமும் குறையும், உங்கள் பாடு கூடும்.

அதே பங்குக்கு 900 புட் சுமார் 31 ரூபாய், 860 புட் 14, 810 புட் 5 என்று வைத்துக்கொள்வோம். 656-க்கு விழுந்தால் 900 புட்காரருக்கு மொத்த நஷ்டம் 15,500 ரூபாய். 860-காரருக்கு 27,000. 810-காரருக்கு 47,500. விழவே இல்லை என்றால் அவர்கள் இழப்பது முறையே 15,500, 7,000, 2,500. கவனித்தீர்களா, 900 புட்டில் எது நடந்தாலும் நஷ்டம் 15,500-க்கு மேல் போகாது. அதற்காக ஒரே மாதத்துக்கு மூன்றரை சதவீதம் கொடுப்பது எனக்குக் கை வராத காரியம்.

நான் பார்ப்பது ஒன்றுதான்: எவ்வளவு சரிவை என்னால் தூக்கம் கெடாமல் தாங்க முடியும்? 5 சதவீதம் தாங்குவேன் என்றால் அதற்குக் கீழே முதல் ஸ்ட்ரைக். சிலர் மலிவாக இருக்கிறதே என்று 25 சதவீதம் கீழே உள்ள புட்டை 1 ரூபாய்க்கு வாங்கிவிட்டு இன்சூரன்ஸ் எடுத்துவிட்டேன் என்பார்கள். பங்கு 20 சதவீதம் விழுந்த அன்று அவர்களுக்கு எக்ஸ்பயரியில் ஒன்றும் வராது.

"பங்கு 20 ரூபா விழுந்துச்சு, என் புட் 6 ரூபா தான் ஏறுச்சு. ஏதோ ஏமாத்துற மாதிரி இருக்கே?"

ஏமாற்று இல்லை. 900-ல் இருக்கும்போது 860 புட் என்பது வெறும் வாய்ப்பு. பங்கு 880-க்கு வந்தால் அந்த வாய்ப்பு கொஞ்சம் கூடியிருக்கிறது, அவ்வளவே. அதனால் முதல் 20 ரூபாயில் அது 6 ரூபாய் அளவுக்கே நகரும். 860-ஐத் தாண்டிக் கீழே போகப் போக, ரூபாய்க்கு ரூபாய் என்ற வேகத்தை நெருங்கும். சிறு சரிவுகளுக்கு ஈடு வேண்டும் என்று எதிர்பார்த்தால் புட் ஏமாற்றும். அது வாங்கப்படுவது பெரிய சரிவுக்கு.

எதிர்ப்பக்கத்தில் காலம் அரிக்கும். பங்கு அசையாமல் 900-லேயே நின்றால், 14 ரூபாய் புட் பத்து நாளில் சுமார் 10 ஆகும், இருபது நாளில் 5 அருகே வந்துவிடும். தினமும் போர்ட்ஃபோலியோவைத் திறந்து பார்க்கிறவர்களுக்கு அந்தச் சிவப்பு எரிச்சலூட்டும். வண்டி இன்சூரன்ஸ் பாலிசி தினமும் எவ்வளவு கரைகிறது என்று யாரும் நமக்குத் திரையில் காட்டுவதில்லை, அதனால் அது வலிப்பதில்லை.

"அப்போ மாசாமாசம் வாங்கிட்டே இருந்தா நிம்மதிதானே?"

நிம்மதி இருக்கும், பங்கில் லாபம் இருக்காது. மாதம் 7,000 என்றால் வருடத்துக்கு 84,000. 4,50,000 ரூபாய் முதலுக்கு இது கிட்டத்தட்ட 19 சதவீதம். அந்தப் பங்கு வருடத்துக்கு 19 சதவீதம் ஏறினால்தான் நீங்கள் நின்ற இடத்தில் நிற்பீர்கள்.

ஒரே தடவையாக ஒரு வருடத்துக்கு வாங்கலாமே என்பார்கள். தனிப்பங்குகளுக்கு இங்கே மூன்று மாத ஒப்பந்தங்கள் மட்டுமே இருக்கும்: நடப்பு மாதம், அடுத்தது, அதற்கடுத்தது. அதிலும் வாங்க விற்க ஆள் இருப்பது பெரும்பாலும் நடப்பு மாதத்தில்தான். மூன்றாவது மாதத்தைத் திறந்தால் பல ஸ்ட்ரைக்குகளில் விற்பவர் 40 கேட்பார், வாங்குபவர் 22 சொல்வார், நடுவில் யாரும் இல்லை.

அதனால் நான் புட் வாங்குவது தேதி தெரிந்த பயத்துக்கு மட்டும். காலாண்டு ரிசல்ட், தேர்தல் முடிவு, பட்ஜெட், ஒரு வழக்கின் தீர்ப்பு, அல்லது மூன்று வாரத்தில் பெண்ணின் கல்யாணத்துக்கு இந்தப் பங்கை விற்றாக வேண்டும் என்ற நிலை. இந்த வாரத்திலிருந்து அந்த வாரம் வரை என்று வரம்பு போட்டு வாங்குவது.

இதில் ஒரு ஓட்டை உண்டு. இண்டஸ்இண்ட் அறிவிப்பு வரப்போகிறது என்று எந்தக் காலண்டரிலும் இல்லை. தேதி பார்த்து இன்சூரன்ஸ் எடுக்கிற என்னைப் போன்றவரிடம் அன்று பெரும்பாலும் புட் இருந்திருக்காது. தேதி தெரியாத இடிக்கு வருடம் முழுக்கப் பிரீமியம் கட்டுவது கட்டுப்படியாகாது. அதற்கு மருந்து வேறு, கடைசிக் கேள்வியில் வருகிறேன்.

"ரிசல்ட்டுக்கு முந்தின நாள் பார்த்தா பிரீமியம் ரெண்டு மடங்கா இருக்கு. விழ ஆரம்பிச்ச பிறகு வாங்கலாமா?"

மழை தெரிந்த பிறகு குடை விலை ஏறத்தான் செய்யும். பங்கு பெரிதாக ஆடும் என்று எல்லோரும் எதிர்பார்க்கும்போது, அந்த எதிர்பார்ப்பே பிரீமியத்துக்குள் வந்து உட்கார்ந்துவிடும். சம்பவம் முடிந்ததும் அது ஒரே நாளில் இறங்கிவிடும்.

2024 ஜூன் 4, மக்களவைத் தேர்தல் முடிவு நாள். நிஃப்டி 23,263.90-லிருந்து 21,884.50-க்கு விழுந்தது, 5.93 சதவீதம். சந்தையின் பதற்றத்தைக் காட்டும் இந்தியா விக்ஸ் அன்று 26-க்கு மேல் முடிந்தது. மறுநாளே நிஃப்டி 22,620.35-க்கு ஏறியது, விக்ஸ் 19 அருகே வந்தது. 4-ஆம் தேதி மதியம் பதறிப்போய் புட் வாங்கியவருக்கு இரண்டு அடி: நிஃப்டி ஏறியதால் ஒன்று, பதற்றம் அடங்கியதால் இன்னொன்று.

ஒரு வாரம், பத்து நாள் முன்னால் வாங்குவது என் வழக்கம். காலம் அரிப்பதால் கொஞ்சம் போகும், ஆனால் கூட்டம் சேரும் முன் வாங்கியதில் அது பெரும்பாலும் சரிக்கட்டிவிடும். முந்தின நாள்தான் நினைவு வந்தது என்றால், அந்தப் பிரீமியத்தைப் பங்கின் விலையில் எத்தனை சதவீதம் என்று போட்டுப் பாருங்கள். 4 சதவீதம் கேட்கிறான், நீங்கள் பயப்படும் சரிவே 7 சதவீதம்தான் என்றால், பேசாமல் கொஞ்சம் பங்கை விற்றுவிடலாம்.

"நிஜமாவே விழுந்துடுச்சு. புட்ல நல்ல லாபம் காட்டுது. இப்ப என்ன செய்யணும்?"

மூன்று வழி. பங்கை வைத்துக்கொண்டு புட்டை மட்டும் சந்தையில் விற்று லாபத்தை எடுத்துக்கொள்ளலாம். அந்த நொடியிலிருந்து பங்குக்குக் காப்பு இல்லை என்பது மட்டும் நினைவிருக்கட்டும். அல்லது அந்த லாபத்தில் ஒரு பகுதியைக் கொண்டு இன்னும் கீழே ஒரு ஸ்ட்ரைக்கில் புதிய புட் வாங்கலாம். 860-ஐ விற்று 620 வாங்குவது மாதிரி. பெரிய தொகை கையில் வந்துவிடும், மேலும் சரிந்தாலும் ஒரு தரை இருக்கும். ஆனால் அப்போது பதற்றம் உச்சத்தில் இருப்பதால் புதுப் பிரீமியம் கடியாக இருக்கும். மூன்றாவது, இந்தப் பங்கே இனி வேண்டாம் என்று தோன்றினால் எக்ஸ்பயரி வரை வைத்திருந்து பங்கை 860-க்கே கொடுத்துவிடுவது.

புட்டை விற்கும்போது மார்க்கெட் ஆர்டர் போடாதீர்கள். ஸ்ட்ரைக் விலையைவிடப் பங்கு வெகுவாகக் கீழே போய்விட்டால் அந்தப் புட்டில் வாங்குபவர் குறைந்துவிடுவார். 204 ரூபாய் பெறும் புட்டுக்கு திரையில் 188 என்று ஒருவர் மட்டும் நிற்பார். 860-லிருந்து பங்கின் அப்போதைய விலையைக் கழித்தால் வருவதுதான் நியாய விலைக்கு அருகில் உள்ள எண். அதற்கு ஒட்டி லிமிட் வைத்துவிட்டுக் காத்திருங்கள். கிடைக்கவே இல்லையா? 188-க்கு விற்று 8,000 ரூபாயை விடுவதா, எக்ஸ்பயரியில் பங்கைக் கொடுத்து முழு 860 வாங்குவதா என்று அப்போது யோசிக்கலாம்.

"எக்ஸ்பயரி அன்னிக்கு தானா பணம் வந்துடும்தானே?"

இல்லை. நிஃப்டி ஆப்ஷனில் பணமாகத் தீரும். தனிப்பங்கு ஆப்ஷனில் பங்கே கைமாறும். செபி இதை 2018-லிருந்து படிப்படியாகக் கொண்டுவந்து, 2019 அக்டோபருக்குள் எல்லாத் தனிப்பங்கு ஒப்பந்தங்களுக்கும் ஆக்கிவிட்டது. எக்ஸ்பயரி நாள் முடிவு விலை உங்கள் புட் ஸ்ட்ரைக்குக்குக் கீழே இருந்தால், நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டாலும் அது தானாக நிறைவேறும். உங்கள் டீமேட்டிலிருந்து 500 பங்கு போகும், 860 வீதம் பணம் வரும். தாத்தா காலத்துப் பங்கு, விற்க மாட்டேன் என்று வைத்திருந்தவர் விற்றவராகிவிடுவார்.

இன்சூரன்ஸ் என்ற சொல் இந்த இடத்தில் ஆளைக் குழப்புகிறது. வண்டி இன்சூரன்ஸில் பணமும் வரும், வண்டியும் நம்மிடமே இருக்கும். இங்கே பங்கைக் கொடுத்தால்தான் பணம். பங்கு வேண்டுமென்றால் எக்ஸ்பயரிக்கு முன்பே புட்டை விற்று வெளியே வந்துவிட வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு தடவை புட் லாபத்தில் இருந்தது, கொடுத்துவிடுவோம் என்று பேசாமல் இருந்தேன். பங்கு வேறொரு விஷயத்துக்காக மார்ஜினுக்கு, அதாவது புரோக்கர் கேட்கும் பிணைத்தொகைக்கு, பிளெட்ஜ் என்ற அடகில் இருந்தது என்பதை மறந்துவிட்டேன். விடுவிக்காத பங்கை டெலிவரி கொடுக்க முடியவில்லை. கொடுக்க வேண்டிய பங்கு வராததால் ஏலத்தில் வாங்கிக் கொடுத்தார்கள், அந்த விலையும் அபராதமும் என் கணக்கில். புட்டில் வந்ததில் கணிசமான பகுதி அங்கே போனது. பங்கு என்னிடமே இருந்தது, பத்திரமாக, பிளெட்ஜில்.

அதனால் டெலிவரி கொடுக்கப் போகிறவர் பார்க்க வேண்டியது: பங்கு பிளெட்ஜ் இல்லாமல் இருக்க வேண்டும். புட் வாங்கிய அதே கணக்கோடு இணைந்த டீமேட்டில் இருக்க வேண்டும். மனைவி பெயரில் உள்ள பங்கு, வேறு புரோக்கரிடம் உள்ள பங்கு எதுவும் தானாக வந்து சேராது.

மார்ஜினும் கேட்பார்கள். லாபத்தில் இருக்கும் புட்டை வைத்திருப்பவரிடம், எக்ஸ்பயரிக்கு 4 வர்த்தக நாள் முன்பிருந்து டெலிவரிக்கான மார்ஜின் படிப்படியாகப் பிடிக்கப்படும், நாளுக்கு நாள் கூடும். வாங்கினவன்தானே, பிரீமியத்துக்கு மேல் எனக்கென்ன என்று நினைத்திருப்பவர் திடீரென்று பணம் கேட்டு வரும் குறுஞ்செய்தியைப் பார்த்துத் திகைப்பார். கட்டாவிட்டால் புரோக்கரே புட்டை விற்றுவிடலாம். சில புரோக்கர்கள் கடைசி நாட்களில் புதிதாக வாங்கவே விடுவதில்லை. உங்கள் புரோக்கரின் விதியை வாங்கும் முன்பே படித்துவிடுங்கள். என்.எஸ்.இ.யில் மாத எக்ஸ்பயரி முன்பு கடைசி வியாழன், 2025 செப்டம்பரிலிருந்து கடைசி செவ்வாய். பழைய பழக்கத்தில் வியாழன் வரை நேரமிருக்கிறது என்று இருந்துவிடாதீர்கள்.

"என்கிட்ட 320 பங்குதான் இருக்கு. லாட் 500. ஒரு லாட் வாங்கிக்கலாமா?"

வாங்கலாம், ஆனால் 320-க்கு இன்சூரன்ஸ், மீதி 180-க்கு விலை இறங்கும் என்ற பந்தயம். அந்த 180-க்கான பிரீமியம், 14 ரூபாய் கணக்கில் 2,520, காப்புக்காகக் கொடுத்ததல்ல. எக்ஸ்பயரிக்குப் போனால் 500 பங்கு கேட்பார்கள், உங்களிடம் 320. மேலே சொன்ன ஏலக் கதை மறுபடியும். லாட்டுக்குக் குறைவாகப் பங்கு வைத்திருப்பவர் எக்ஸ்பயரி வாரத்துக்கு முன்பே புட்டை விற்றுவிடுவது என்று முதல் நாளே முடிவு செய்துகொள்ள வேண்டும். 150 பங்கு வைத்துக்கொண்டு 500-க்குப் புட் வாங்குவதை நான் காப்பு என்றே சொல்ல மாட்டேன்.

"என் பங்குக்கு ஆப்ஷனே கிடையாது. பதிலா நிஃப்டி புட் வாங்கினா?"

ஆப்ஷன் வர்த்தகம் சுமார் 200 பங்குகளுக்குத்தான் உண்டு. மற்றவற்றுக்கு நிஃப்டி புட் பாதி மருந்து. 2020 மார்ச் 23-ல் நிஃப்டி ஒரே நாளில் 12.98 சதவீதம் விழுந்தபோது எல்லாமே சேர்ந்து விழுந்தன. அப்படிப்பட்ட நாளில் அது உதவும். ஆனால் இண்டஸ்இண்ட் 27 சதவீதம் விழுந்த 2025 மார்ச் 11 அன்று நிஃப்டி 37 புள்ளி ஏறி முடிந்தது. நிஃப்டி புட் வைத்திருந்த அந்த வங்கியின் பங்குதாரருக்குப் பங்கிலும் நஷ்டம், புட்டிலும் நஷ்டம். உங்கள் பயம் சந்தையைப் பற்றியதா, அந்தக் கம்பெனியைப் பற்றியதா? கம்பெனியைப் பற்றியது என்றால் நிஃப்டி புட் பயன்படாது. பத்துப் பதினைந்து பெரிய பங்குகள் கலந்து வைத்திருப்பவருக்குத்தான் அது பொருந்தும்.

"மேல ஒரு கால் வித்து, அந்தக் காசுல புட் வாங்கினா ஓசி இன்சூரன்ஸ்னு ஒருத்தர் சொன்னாரு."

காலர் என்று பெயர். கால் ஆப்ஷன் என்பது புட்டுக்கு எதிர்: பங்கைக் குறிப்பிட்ட விலையில் வாங்கும் உரிமை, அதை விற்றவர் பங்கைக் கொடுத்தாக வேண்டும். 950 காலை 14 ரூபாய்க்கு விற்று, அதே 14-க்கு 860 புட் வாங்கினால் கையிலிருந்து எதுவும் போகாது. ஆனால் பங்கு 1,050-க்குப் போனால் 950-க்கு மேலுள்ளது உங்களுக்கு இல்லை, எக்ஸ்பயரியில் பங்கையும் கொடுத்தாக வேண்டும். ஓசி இல்லை, ஏற்றத்தை அடகு வைத்து வாங்கிய இன்சூரன்ஸ். கால் விற்க மார்ஜினும் வேண்டும். டீமேட்டில் பங்கு சும்மா இருப்பதால் மட்டும் மார்ஜின் குறையாது, பிளெட்ஜ் செய்ய வேண்டும். பிளெட்ஜ் செய்தால் டெலிவரிக்கு முன் விடுவிக்க வேண்டும். எக்ஸ்பயரி வாரத்தில் இந்த இழுபறியைச் சமாளிக்கத் தெரிந்தவர் செய்யட்டும்.

"வரி எப்படி?"

இதில் ஒரு கோணல் இருக்கிறது. புட்டை விற்று வரும் லாபம் வணிக வருமானம், உங்கள் வரி அடுக்கின்படி வரி. பங்கில் உள்ள நஷ்டமோ நீங்கள் விற்காதவரை காகிதத்தில்தான். ஆக, மேலே சொன்ன கணக்கில் நிகரமாக 27,000 நஷ்டப்பட்டவர், புட் லாபம் 95,000-க்கு அந்த வருடமே வரி கட்ட வேண்டி வரும். பங்கை விற்று நஷ்டத்தை உறுதி செய்தாலும், மூலதன நஷ்டத்தை வணிக வருமானத்தில் கழிக்க முடியாது. 30 சதவீத அடுக்கில் இருப்பவர் தன் காப்பில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வரிக்குப் போகும் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போட வேண்டும்.

புட் வீணாகப் போன வருடங்களில் அந்தப் பிரீமியம் வணிக நஷ்டம். அதே வருடத்தின் மூலதன ஆதாயத்தில் கழிக்கலாம், சம்பளத்தில் கழிக்க முடியாது. சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் படிவம் போதாது, `ITR-3` போட வேண்டும். ஒரே ஒரு புட் வாங்கினாலும் அப்படித்தான், இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எக்ஸ்பயரியில் பங்கைக் கொடுத்துத் தீர்த்தால் கணக்கு எழுதும் விதம் மாறும், ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

"இவ்வளவு தொல்லைக்கு, பாதிப் பங்கை வித்துட்டா என்ன?"

பல பேருக்கு நான் சொல்லும் பதிலே அதுதான். 4,50,000 ரூபாய் உங்கள் சேமிப்பில் பத்தில் ஒரு பங்கு என்றால், அந்தப் பங்கு 27 சதவீதம் விழுந்தாலும் மொத்த சேமிப்பில் 3 சதவீதத்துக்கும் குறைவு. அதற்கு புட் எதற்கு? அதுவே சேமிப்பில் பாதி என்றால், உங்கள் பிரச்சினை இந்த மாதச் சரிவு இல்லை, ஒரே பங்கில் இவ்வளவு வைத்திருப்பது. தேதி சொல்லாமல் வரும் இடிக்கு இதைத் தவிர மலிவான காப்பு நான் பார்த்ததில்லை. ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த பங்கு என்றால் ஆதாயத்தில் ஆண்டுக்கு 1.25 லட்சம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். இரண்டு நிதியாண்டில் பிரித்து விற்றால் பலருக்கு வரியே வராது.

விற்க முடியாத காரணம் இருக்கும்போதுதான் புட்டின் முறை வருகிறது. என் நண்பர் ஒருவருக்கு வாங்கி 11 மாதம் ஆன பங்கு, ஒரு மாதம் பொறுத்தால் 20 சதவீத வரி 12.5 ஆகும். நடுவில் ரிசல்ட். லாட்டுக்குச் சரியாகப் பங்கு இருந்தது, பிளெட்ஜ் இல்லை. ஒரு புட் வாங்கினார், ரிசல்ட் சுமாராக வந்தது, பங்கு பெரிதாக அசையவில்லை, பிரீமியத்தில் முக்கால்வாசி போனது. மிச்சத்துக்குப் புட்டை விற்றார், மாதம் முடிந்ததும் பங்கை விற்றார். மிச்சமான வரி, போன பிரீமியத்தைவிட அதிகம்.